ஒட்டிய ஜன்னல்

2015 டிசம்பர் 3ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி சென்னை வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட்டார். அதைப் பற்றி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஏழு புகைப்படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் பிரதமர் வட்டமான ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு அப்பால் வெள்ளத்தில் நிற்கும் கட்டிடங்கள், அஞ்சலட்டையில் அச்சிட்டது போன்ற துல்லியத்தோடு தெரிகின்றன. அதே கணத்தின் இன்னொரு வடிவமும் இணையத்தில் இருந்தது. அதில் அதே முகம், அதே ஜன்னல். ஆனால் வெளியே தெரிவது வெளுத்து மங்கிய, நீர் தேங்கிய ஏதோ ஒரு நிலப்பரப்பு மட்டுமே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. கேலி தொடங்கியது, ஜன்னலுக்குள் நிலாவையும் சினிமாக் காட்சிகளையும் ஒட்டி ஆளாளுக்கு விளையாடினார்கள். அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்களை இணைக்கும் உத்தி அதில் கையாளப்பட்டது, அது தவறான கணிப்பு, வெளியிட்டதற்கு வருந்துகிறோம் என்ற பொருளில் ஓர் அறிக்கையும் வந்தது. அதோடு முடிந்தது.

கேலியோடு அது முடிந்துபோனதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏனெனில் அந்தப் படத்தில் இருக்கும் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை அவ்வளவு சுலபமில்லை. பிரதமர் வந்தது உண்மை. ஜன்னல் வழியே பார்த்தது உண்மை. வெள்ளம் உண்மை, அதைச் சென்னைக்காரர்களிடம் போய்ச் சந்தேகிக்க முடியாது. படத்தின் இரண்டு பாதிகளுமே, தனித்தனியே, உண்மையாக இருக்கக்கூடியவை. பொய் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள விளிம்பில் இருக்கிறது. ‘இவர் இதைப் பார்த்தார்’ என்ற வாக்கியத்தில் ‘இவர்’ சரி, ‘இது’வும் சரி. ‘பார்த்தார்’ என்ற வினைச்சொல் மட்டும் கத்தரிக்கோலால் செய்யப்பட்டது. செய்திப் புகைப்படம் சாட்சி சொல்வதெல்லாம் இந்த வினைச்சொல்லுக்குத்தான். இவையெல்லாம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கண்ணாடிச் சில்லுக்கு எதிரே இருந்தன என்று அது சொல்கிறது. வேறெதையும் அது உறுதியாகச் சொல்வதில்லை.

அந்த ஒட்டல் ஏன் நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இதைச் சதி என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். விமானத்தின் உட்புறம் இருட்டு. வெளியே, மழை மேகம் கவிந்த நாளானாலும், வெளிச்சம் பல மடங்கு அதிகம். முகம் தெளிவாக விழும்படி காமிராவைத் திறந்தால் ஜன்னல் வெளுத்துப் போகும். வெளியே இருப்பதற்கு ஏற்றபடி திறப்பைக் குறைத்தால் முகம் நிழல் உருவமாகிவிடும். பிளாஷ் போட்டால் ஜன்னல் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். இதற்கு மேல் உயரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் உள்ள ஈரக் காற்று கறுப்பையும் வெள்ளையையும் சாம்பலாக்கிவிடும். ஆக, புகைப்படக்காரர் முகமா வெள்ளமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர். அவர் முகத்தைத் தேர்ந்தெடுத்தார். அது அவருக்கு இடப்பட்ட வேலை. அந்த மங்கல் குறையல்ல. உயரத்திலிருந்து ஒரு வெள்ளத்தைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதைப் பற்றி அந்தப் படம் சொன்ன நேர்மையான சேதி அது. பிறகு மேஜையில் உட்கார்ந்த யாரோ ஒருவருக்கு அந்தச் சேதி பிடிக்கவில்லை.

ஒட்டலைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. முகத்துக்கும் வெளிக்கும் ஒரே சமயத்தில் கச்சிதமான வெளிச்சம் விழுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். தூரத்துப் பொருள் அருகே உள்ள பொருளைப் போலவே கூர்மையாகவும், காற்றின் மங்கல் இல்லாமலும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஜன்னலில் தெரியும் வீடுகளின் அளவையும் சாய்வையும் வைத்து, அவை எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த உயரமும் கோணமும் ஜன்னலருகே இருப்பவரின் பார்வையோடு பொருந்த வேண்டும். ஆனால் இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் உதவும். சந்தேகத்தை முடிவாக்குவது மூலப் படம் ஒன்றுதான். இந்த விஷயத்திலும் ஜனங்கள் கண்டுபிடித்தது இயற்பியலால் அல்ல, மூலப் படம் கைக்குக் கிடைத்ததால்.

ஒரே எதிர்மறையில் பதிவாகியிருந்த மங்கல் வெளியைச் சற்று அடர்த்தியாக்கி, அதிலிருந்த நிலத்தை இன்னும் கொஞ்சம் தெரியும்படி செய்திருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். இருட்டறைக் காலத்திலிருந்து பத்திரிகைகள் அனுமதித்து வந்த வேலை அது. பதிவானதை வெளியே இழுப்பது வேறு, பதிவாகாததைக் கொண்டுவந்து வைப்பது வேறு.

இதே டிசம்பரில் தமிழ்நாட்டில் வேறு ஒட்டல்களும் நடந்தன. நிவாரணப் பொட்டலங்களின் மேல் முதல்வர் ஜெயலலிதாவின் படம் போட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டதைப் பற்றிய புகார்கள் நினைவிருக்கும். அதைவிட எனக்குச் சுவாரஸ்யமானது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அந்த ஆண்டு ஜூலையில் வெளியான ‘பாகுபலி’யின் விளம்பரத்தில் வெள்ளத்துக்கு மேலே ஒரு கை மட்டும் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்குமே, அந்தப் படிமத்தை எடுத்து, குழந்தையைக் காப்பவராக ஜெயலலிதாவைப் பொருத்தியிருந்தார்கள். ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வாரத்தில் இந்த பேனர் ஓர் ஆபாசம். அதைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அது யாரையும் ஏமாற்றவில்லை. முதல்வர் தண்ணீரில் இறங்கிக் குழந்தையைத் தூக்கினார் என்று அதைப் பார்த்த ஒருவர்கூட நம்பியிருக்க முடியாது. அது ஸ்தோத்திரம். ஸ்தோத்திரத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் படமோ பார்வைக்கு அடக்கமானது, ரசனைக் குறைவு என்றுகூடச் சொல்ல முடியாதது. ஏமாற்றியது அதுதான். கைவைத்த அளவை வைத்துக் குற்றத்தை அளக்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த உத்தி புதிதல்ல. கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் பழைய வீடுகளின் திண்ணைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே சாய்த்து மாட்டிய சட்டங்களைப் பாருங்கள். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படங்களில் சில, அவர்கள் ஒருநாளும் சேர்ந்து உட்காராத படங்கள். புருஷன் தவறிய பிறகு, அடையாள அட்டையிலோ கல்யாணக் கூட்டத்திலோ இருந்த அவன் முகத்தை எடுத்து, கிழவியைத் தனியே உட்காரவைத்து எடுத்த படத்தோடு சேர்த்துக் கொடுப்பது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கமான வேலை. பிரிண்டிலிருந்து உருவத்தைக் கத்தரித்து, ஓரத்தைப் பின்பக்கம் உரசி மெலிதாக்கி, மற்றப் படத்தின் மேல் ஒட்டி, சேர்ந்த கோட்டை வர்ணத்தால் மறைத்து, மொத்தத்தையும் மறுபடி காமிராவில் பிடிப்பார்கள். அந்தப் புது நெகடிவிலிருந்து வரும் பிரதியில் ஒட்டு தெரியாது. நெகடிவ் மேலேயே பென்சிலால் தீட்டினால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும்; சுருக்கங்கள் அப்படித்தான் போயின. கத்தியால் லேசாகச் சுரண்டினால் கறுக்கும். நரைத்த மீசைகள் அப்படித்தான் இளமை பெற்றன.

கம்பத்து ஸ்டூடியோ செய்ததும் பத்திரிகைத் தகவல் அலுவலகம் செய்ததும் தொழில்நுட்பத்தில் ஒன்றே: இரண்டு படங்களை இணைத்தல். வீட்டுச் சுவரில் அது பொய்யாகவில்லை. ஏனெனில் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரனிடம் பாட்டியே சொல்லுவாள், “உங்க தாத்தா செத்ததுக்கப்புறம் ஒட்டுனதுடா” என்று. அதுதான் அந்தப் படத்தின் குறிப்பு, வாய்மொழியாக, ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லப்படுவது. படம் சுவரிலிருந்து இறங்கி, சொல்ல ஆளில்லாத இடத்துக்குப் போகும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

என் தொழில் வங்கிக் கவுன்டர். அரசு ஓய்வூதியப் படிவங்களோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் கேட்பது வழக்கம். பிற்பாடு குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருபவர் இன்னார்தானா என்று பார்ப்பதற்காக. மனைவி படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவர் இணைத்துச் செய்த படத்தைக் கொண்டுவந்தார். இருவரின் தோள்களிலும் வெளிச்சம் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து விழுந்தது. இது மோசடியா? அந்தப் படிவத்தின் முன்னால் அந்தப் படம் சாட்சி சொல்ல வேண்டியது இரண்டு முகங்களுக்கு. இன்ன தேதியில் இருவரும் ஒரு பெஞ்சில் அமர்ந்தார்கள் என்பதற்கு அல்ல. முகங்கள் அவர்களுடையவை, படங்கள் அண்மையில் எடுத்தவை. பின்பக்கம் ‘இரு படங்களை இணைத்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதே என் எண்ணம், அப்படியே செய்தார். மாறாக, கைவைக்காத அசல் படமாகவே இருந்து, இருபது வருஷத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் அது அந்த மேஜையில் இதைவிடப் பெரிய பொய். ஒரே படம் ஓர் இடத்தில் சாட்சி, இன்னோர் இடத்தில் நினைவு. எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்ல வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ‘திருத்திய படம், திருத்தாத படம்’ என்று பிரிப்பதில் அர்த்தமில்லை.

விளம்பரத்துக்கு வந்தால் இந்தக் கேள்வி பணமாக மாறுகிறது. கடன் விண்ணப்பம் ஒன்றோடு மனைப்பிரிவு விளம்பரத்தாள் ஒன்று வந்திருந்தது. (விற்றவர் பெயர் இங்கே அவசியமில்லை.) பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை, நீலமாக. வானம் வேண்டுமட்டும் துடைக்கப்பட்டிருந்தது. முன்னால் பச்சை, ஓரத்தில் தென்னைகள். இடத்தைப் பார்த்துவிட்டு வந்த மேலதிகாரியின் குறிப்பில், மனைகளின் வடக்கு விளிம்பை ஒட்டி உயர் அழுத்த மின்கம்பி போவதாக இருந்தது. தாளில் கோபுரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் தரையில், தரிசுப் புல்லின் மேல், குறுக்குச் சட்டங்கள் பின்னிய ஒரு நீண்ட நிழல் படுத்துக் கிடந்தது. கோபுரத்தை அழித்தவர் அதன் நிழலை மறந்துவிட்டார். இன்றைக்குக் கைபேசியிலேயே விரலால் தேய்த்து ஒரு பொருளைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம். தேய்க்கிற விரல் நிழலையும் தண்ணீரில் விழும் பிம்பத்தையும் இன்னும் பல சமயம் மறக்கிறது.

அந்தத் தாளில் செய்யப்பட்ட எல்லாத் திருத்தங்களையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். மனை ஓரம் கிடந்த பிளாஸ்டிக் குப்பையை அழித்திருந்தால் அது எனக்குப் பொருட்டில்லை; வாங்குபவன் ஒரு காலைப் பொழுதில் அள்ளிவிடுவான். வானத்தை நீலமாக்கியதும் அப்படியே, வானம் விற்பனைக்கு இல்லை. ஆனால் கோபுரத்தை அவனால் அப்புறப்படுத்த முடியாது. அதன் கம்பிகளுக்குக் கீழே நினைத்தபடி வீடு எழுப்பவும் முடியாது. அவன் கொடுக்கும் விலையில் கலந்திருக்கும் பொருள் அது. தென்னைகள் நடுவிலே நிற்கின்றன. ‘இனி நடப்போகிறோம்’ என்றால் அது வாக்குறுதி. வாக்குறுதியைப் புகைப்படமாக அச்சிடக் கூடாது, ஓவியமாகத்தான் அச்சிட வேண்டும். மனைவணிகத்தை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள தவறான அல்லது பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு விற்பவர் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. விலக நினைத்தால் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். படமும் சொல்வதுதான் என்று எடுத்துக்கொண்டால், அழித்த கோபுரம் இதில் அடங்க வேண்டும்.

அந்தத் தாளின் அடியில் எறும்பு எழுத்தில் ‘படங்கள் மாதிரிக்கு மட்டும்’ என்று, ஆங்கிலத்தில், ஒரு வரி இருந்தது. தமிழில் கூவி விற்றுவிட்டு ஆங்கிலத்தில் முணுமுணுப்பது நம் விளம்பரங்களின் பழைய சாமர்த்தியம். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் இந்தச் சாமர்த்தியத்தின் மேல் நேராகக் கைவைக்கின்றன. பொறுப்புத் துறப்புக் குறிப்பு, விளம்பரம் சொல்வது எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை அது மறைக்கக் கூடாது. இவற்றைவிட ஆழமான விதி ஒன்றும் அதில் இருக்கிறது: தவறாக வழிநடத்தும் ஒரு கூற்றைக் குறிப்பைக் கொண்டு சரிசெய்ய முயலக் கூடாது. அதாவது குறிப்பு ஒன்றை விளக்கலாம், பாவமன்னிப்பு ஆகாது. கோபுரத்தை அழித்துவிட்டு ‘கோபுரம் அழிக்கப்பட்டது’ என்று பெரிதாகவே எழுதினாலும் அந்தப் படத்தை அச்சிடக் காரணம் என்ன மிஞ்சுகிறது?

விளம்பரத்துக்கு நான் இவ்வளவாவது இடம் கொடுக்கிறேன். செய்திக்கு அதுவும் இல்லை. மனை வாங்குபவன் பஸ் ஏறிப் போய் இடத்தைப் பார்க்கலாம். செய்திப் படத்தைப் பார்ப்பவன் எங்கும் போக முடியாது. போக முடியாததால்தான் படத்தைப் பார்க்கிறான். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக ஸிரியாவில் வேலை செய்த நார்ஸிஸோ கான்ட்ரெராஸ் 2013இல் ஒரு போராளியைப் படமெடுத்தார். படத்தின் இடது கீழ் மூலையில் சக நிருபர் ஒருவரின் வீடியோ காமிரா கிடந்தது. அதைக் கணினியில் அழித்து, பக்கத்துத் தரையையே நகலெடுத்து அந்த இடத்தில் நிரப்பினார். 2014 ஜனவரியில் அவரே அதை ஆசிரியர்களிடம் சொன்னார். நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவருடைய ஏறக்குறைய 500 படங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டு, வேறெதிலும் கைவைக்கவில்லை என்று கண்டது; ஆனாலும் தண்டனை மாறவில்லை. இவர் அதற்கு முந்தின வருஷம் புலிட்ஸர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர்.

மூலையில் கிடந்த ஒரு காமிராவுக்கு இவ்வளவா என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். போரையோ போராளியையோ அவர் மாற்றவில்லை என்பது நிஜம். ஆனால் அந்தக் காமிராவும் ஒரு செய்தி. அந்தப் போராளி தனியாக இல்லை, அவனைச் சுற்றி வேறு காமிராக்களும் இருந்தன என்பதை அது சொல்லிக்கொண்டிருந்தது. அதை அழித்ததும் படத்தில் ஒரு தனிமை வந்துவிடுகிறது. அந்தத் தனிமை புகைப்படக்காரரின் கற்பனை. கவிதையில் நாம் அதைத்தான் செய்கிறோம், செய்ய வேண்டும். செய்தியில் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்ற அந்த நிறுவனத்தின் முரட்டு விதி, எது முக்கியம் எது அற்பம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மேஜையில் இருப்பவனிடமிருந்து பறித்துவிடுகிறது. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அறிக்கை ‘தவறான கணிப்பு’ என்று சொன்னது இதனால்தான் எனக்குத் திருப்தி தரவில்லை. கணிப்பதற்கே அங்கே இடம் இருந்திருக்கக் கூடாது.

அந்த அறிக்கையை மறுபடியும் பார்க்கிறேன். இணைக்கும் உத்தி என்று அதற்கு ஒரு தொழிற்பெயர் கிடைத்திருக்கிறது, நீக்கியாயிற்று, வருத்தமும் தெரிவித்தாயிற்று. ஜன்னலில் ஒட்டிய காட்சி எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்பது அதில் இல்லை. இணைத்தது எந்த மேஜையில் என்பதும் இல்லை. தெரிவிக்க வேண்டியது இவைதான், வருத்தம் அல்ல. நீக்கிவிட்டதும் சரியென்று எனக்குப் படவில்லை. நீக்கியதால் அது இல்லாமல் போய்விடவில்லை. கேலி செய்தவர்களின் பக்கங்களில் அது இன்னும் இருக்கிறது, சொந்தக் குறிப்பை இழந்து, நிலா ஒட்டிய பிரதிகளுக்கு நடுவே. 2015இல் குழந்தையாக இருந்த ஒருவர் இன்று அதைக் கண்டெடுத்தால் எது அலுவலகம் ஒட்டியது, எது கேலிக்காரர் ஒட்டியது என்று பிரித்தறிய வழியில்லை. திருத்தத்தைச் சொல்ல வேண்டிய இடம் வெளியிட்டவரின் ஆவணம். அங்கேதான் அது இல்லை. கம்பத்துப் பாட்டி பேரனிடம் சொன்ன அளவுக்குக்கூட.

மூலப் படத்தையும் இணைத்த படத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே இப்படி இரண்டு மூன்று வரிகள் போட்டிருக்கலாம்: ‘வலதுபுறம் உள்ள படம் 2015 டிசம்பர் 3 அன்று இந்த அலுவலகத்தால் வெளியிடப்பட்டது. இதில் ஜன்னலுக்குள் தெரியும் காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. அந்தப் படம் எடுக்கப்பட்ட இடமும் நேரமும் இவை. பிரதமர் அந்தக் கணத்தில் ஜன்னல் வழியே பார்த்தது இடதுபுறம் உள்ளது.’ தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று, எல்லாம் ஒரே அளவு எழுத்தில்.